கோட் விளக்கும்போது வரும் அந்த ‘மீன்ஸ்’

“சேர், நான் உப்புவெளி. கொழும்புக் கம்பனி ஒன்றின் சூம் இன்டர்வியூவில் நான் எழுதிய கோட் சரியாக ஓடியது. அதை ஆங்கிலத்தில் விளக்கச் சொன்னதும் தடுமாறினேன். நான் சொன்னது அவர்களுக்கு விளங்கவும் இல்லை. அடுத்த மாதம் இன்னொன்று இருக்கிறது. எப்படிப் பழகுவது?”

தம்பி, ஒரு சின்ன ஃபங்ஷனை வைத்தே பார்ப்போம். இரண்டாம் தடவை வரும் முதல் எண்ணை இது தேடுகிறது.

```python
def first_repeat(nums):
    seen = set()
    for x in nums:
        if x in seen:
            return x
        seen.add(x)
    return None
```

நம் பிள்ளைகள் நடுவரியை “எக்ஸ் இஸ் தேர் இன் சீன் மீன்ஸ், ரிட்டர்ன் எக்ஸ்” என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். ‘இருந்தால்’, ‘என்றால்’ இரண்டுக்கும் நாம் போடும் ஒட்டு அந்த ‘மீன்ஸ்’. தமிழ் தெரியாதவருக்கு அது நிபந்தனையாகவே கேட்காது. எதற்கோ அர்த்தம் சொல்லப் போகிறீர்கள் என்று காத்திருப்பார். தமிழில் நிபந்தனை வினையின் வாலில் ஒட்டுகிறது, ஆங்கிலத்தில் ‘இஃப்’ தலையில் நிற்கிறது. அதனால் வாயைத் திறக்கும்போதே ‘இஃப்’ வர வேண்டும்: “இஃப் வீ ஹேவ் சீன் எக்ஸ் பிஃபோர், வீ ரிட்டர்ன் இட்.” `seen` என்ற பெயரை அப்படியே வாசித்தால் காதுக்குக் குழப்பம். ‘த செட்’ என்று சொல்லிவிடுங்கள்.

அப்புறம் அந்தக் கடைசி உகரம். செட்டு, லிஸ்ட்டு என்று தமிழில் முடிக்கிறோம் அல்லவா? ஒருமுறை நான் ‘லிஸ்ட்டு’ என்றதும் எதிரே இருந்தவர் “லிஸ்ட் டூவா? முதலாவது எங்கே?” என்று கேட்டார். ‘ட்’ வந்ததும் நாக்கை அங்கேயே நிறுத்துங்கள். மற்றபடி உச்சரிப்பில் தமிழ் வாடை அடிப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

வரிவரியாக, அடைப்புக்குறி உட்பட வாசிப்பதுதான் பெரிய பிழை. கோட் அவர் திரையிலும் இருக்கிறது. முதலில் ஃபங்ஷன் எதற்கு என்று ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். அடுத்து, ஏன் செட்? அவர் காத்திருப்பது இதற்குத்தான். `seen` ஒரு லிஸ்ட்டாக இருந்தால் ஒவ்வொரு எண்ணுக்கும் அதை முதலிலிருந்து தேட வேண்டும். எதுவும் திரும்ப வராத 10,000 எண்களுக்கு ஏறத்தாழ 5 கோடி ஒப்பீடுகள் ஆகிவிடும். செட்டில் எண்ணுக்கு ஒரு தேடல்தான், மொத்தம் 10,000. அதன் பிறகு `[4, 7, 9, 7]` என்று ஒரு உதாரணத்தை ஓட்டிக் காட்டுங்கள். நாலு இல்லை, சேர்க்கிறோம். ஏழும் ஒன்பதும் அப்படியே. இரண்டாவது ஏழு ஏற்கெனவே இருக்கிறது, அதைத் திருப்பிக் கொடுக்கிறோம். இந்த இடத்தில் வாக்கியங்கள் நாலைந்து சொல்லுக்கு மேல் போகத் தேவையில்லை.

பழகுவதற்குக் கண்ணாடி உதவாது. கோட் தெரிந்த ஒரு கூட்டாளியைத் திரைக்கு முதுகு காட்டி இருத்தி, நீங்கள் சொல்வதைக் கேட்டு ஃபங்ஷனைக் கடதாசியில் எழுதச் சொல்லுங்கள். அவர் `if` போடாமல் விட்ட இடத்தில் நீங்கள் ‘மீன்ஸ்’ சொல்லியிருப்பீர்கள். ஆள் கிடைக்காவிட்டால் ஃபோனில் பதிந்து மறுநாள் கேளுங்கள். கடற்கரையில் வேண்டாம், காற்றுத்தான் பதியும்.