ஆரி மாதிரி மூன்றில் எது முதல்?

"என் சிறுகதையில் தையல்கடைப் பையன் மூன்று ஆரி எம்பிராய்டரி மாதிரிகளைத் தரவரிசைப்படுத்தி, கறாரான ஒரு அம்மாவிடம் காட்டணும். எதை வைத்து முடிவு செய்வான்?"

துணியைத் திருப்பிப் பார்த்து. முன்பக்கம் மூன்றுமே மினுங்கும். பின்பக்கம் சிறு கோடுகள் ஒரே அளவில் ஓடி, முடிச்சுகள் இறுகியிருந்தால் அதுதான் முதல்.

பூவைச் சுற்றித் துணி சுருங்கியிருந்தால் இரண்டாவது. ஃபிரேமில் துணியைத் தொய்வாகக் கட்டியிருப்பார்கள், இல்லையென்றால் நூலை அதிகம் இழுத்திருப்பார்கள். இஸ்திரி போட்டாலும் முழுசாகப் போகாது.

மூன்றாவதைக் கண்டுபிடிக்க, தையல் முடியும் இடத்து நூலை மெல்ல இழுக்க வையுங்கள். கடைசிக் கண்ணியைப் பூட்டாத சங்கிலித் தையல் இதழோடு உருவிக்கொண்டு வரும். இதை அந்த அம்மா கையாலேயே செய்யவிட்டால் கதைக்கு இன்னும் நல்லது.

ஜர்தோசி மாதிரியில் மட்டும் இழுக்க வேண்டாம்; சுருள் கம்பி நீண்டால் பழையபடி சுருளாது.