பின்னல் பொம்மை விற்பவர்களுக்கு: நூல், பஞ்சு, கழுவுதல், ஆர்டர் நாள் பற்றிய கேள்வி பதில்

திருப்பூரிலிருந்து: அக்கா, குரோஷே யானை பின்னி விற்கிறேன். படத்துக்குக் கீழே "க்யூட் யானை, சாஃப்ட், வாஷபிள்" என்று போடுகிறேன். வேறு என்ன எழுத வேண்டும்?

அந்த மூன்று சொல்லில் வாங்குகிறவருக்கு ஒரு தகவலும் கிடைக்கவில்லை. பொம்மையின் வெளித்தோற்றத்தைப் படமே காட்டிவிடும். எந்த நூல், உள்ளே என்ன அடைத்திருக்கிறது, கண் எப்படி நிற்கிறது என்பதெல்லாம் படத்தில் தெரியாது. அவற்றைத்தான் எழுத வேண்டும்.

நீங்கள் அனுப்பிய விவரத்தை வைத்தே நான் எழுதிக் காட்டுகிறேன். கண்ணை மட்டும் மாற்றியிருக்கிறேன், காரணம் கீழே வரும்.

"உட்கார்ந்த நிலையில் 24 செ.மீ. உயரமுள்ள யானை. சாம்பல், ரோஸ் நிற மில்க் காட்டன் நூல். பருத்தியும் ஆக்ரிலிக்கும் கலந்தது. உள்ளே புதிய பாலியஸ்டர் பஞ்சு மட்டும். கண், புருவம் எல்லாம் நூலால் தைத்தவை. பிளாஸ்டிக், பொத்தான், மணி எதுவும் இல்லை. குளிர்ந்த தண்ணீரில் கையால் அலசலாம். முறுக்கிப் பிழியக் கூடாது, நிழலில் படுக்க வைத்துக் காய வைக்கவும். ஆர்டர் எடுத்த பின்தான் பின்னுவேன். பணம் வந்த நாளிலிருந்து 15 நாளில் அனுப்புவேன். கூரியர் எடுக்கும் நாள் தனி."

உயரத்தை எழுதும்போது உட்கார்ந்த அளவா நின்ற அளவா என்று சொல்லிவிடுங்கள். கால் தொங்கும் பொம்மையில் இரண்டுக்கும் ஒரு சாண் வரை வித்தியாசம் வரும். சண்டை பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும்.

ஈரோட்டிலிருந்து: மில்க் காட்டன் என்றால் பால் கலந்த சுத்தமான பருத்திதானே? "100% காட்டன்" என்று போடலாமா?

போடக் கூடாது. கடையில் மில்க் காட்டன் என்று கிடைப்பதில் பெரும்பாலானது பருத்தியும் செயற்கை இழையும் கலந்த நூல். கண்டைச் சுற்றியிருக்கும் காகிதத்தில் எவ்வளவு பருத்தி, எவ்வளவு ஆக்ரிலிக் என்று இருக்கும். அதில் இருப்பதை அப்படியே எழுதுங்கள். காகிதம் இல்லாமல் கிலோ கணக்கில் வாங்கிய நூல் என்றால் "கலப்பு நூல்" என்று மட்டும் எழுதுங்கள். அந்தக் காகிதத்தைத் தூக்கிப் போடாமல் ஒரு நோட்டில் ஒட்டி வையுங்கள். சாய லாட் எண்ணும் அதில்தான் இருக்கிறது. இரண்டாவது கண்டு வேறு லாட்டில் வந்தால் யானையின் ஒரு கால் மட்டும் நிறம் மாறித் தெரியும்.

சேலத்திலிருந்து: கடையில் "சேஃப்டி ஐ" என்றுதானே விற்கிறார்கள்? பின்னால் வாஷர் போட்டு அழுத்தினால் கழற்றவே முடியவில்லை. அதையும் ஏன் வேண்டாம் என்கிறீர்கள்?

பாதி சரி. கண்ணிலிருந்து வாஷர் கழலாது என்பது உண்மை. ஆனால் கண்ணும் வாஷரும் சேர்ந்தே வெளியே வரும். தைத்த துணிப் பொம்மையில் கண் போகும் ஓட்டை சின்னதாகவே இருக்கும். பின்னலில் அப்படி இல்லை, இழுத்தால் ஓட்டை விரியும். குழந்தை அந்த இடத்தை வாயில் வைத்துக் கடித்து இழுக்கும்போது தையல் விரிந்து வாஷர் நழுவிவிடும்.

சோதித்துப் பாருங்கள். கண்ணுக்கு இரண்டு பக்கமும் கட்டைவிரலை வைத்துப் பின்னலைப் பலமாக விரியுங்கள். வாஷரின் ஓரம் தெரிந்தால் அந்தப் பொம்மை குழந்தைக்கு ஆகாது. ஹூக்கை 2.5 மி.மீ.க்கு இறக்கி இறுக்கிப் பின்னினால் தாங்கும் நேரம் கூடும், அவ்வளவுதான். மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு என்றால் கண்ணை நூலால் தைத்துவிடுங்கள். இதை இன்றைக்கு இன்னும் சிலமுறை சொல்வேன்.

போடியிலிருந்து: எங்கள் ஊரே இலவம்பஞ்சு ஊர். இயற்கையானது, சூடு ஏறாது, தண்ணீரே ஒட்டாது. குழந்தை கடிக்கிற பொம்மையில் பிளாஸ்டிக் பஞ்சை அடைக்கச் சொல்கிறீர்களே, நியாயமா?

தண்ணீர் ஒட்டாது என்பது சரிதான். இலவம் இழையின் மேல் மெழுகு போல ஒரு பூச்சு இருக்கிறது, உள்ளே காற்றுக் குழல். அதனால்தான் அந்தக் காலத்தில் உயிர்காப்பு மிதவைச் சட்டைகளில் அதை அடைத்தார்கள். ஆனால் சோப்புத் தண்ணீரில் போட்டுக் கசக்கும்போது நிலைமை மாறும். தண்ணீர் உள்ளே போய்விடும், பஞ்சு திரண்டு உருண்டையாகும், நடுவில் ஈரம் நின்றுவிடும். வெளியே தொட்டால் காய்ந்திருக்கும். இரண்டு நாள் கழித்து மூக்கில் வைத்தால் புழுக்க வாடை வரும்.

இன்னொன்று, இலவம் இழை குட்டையானது, வழுக்கும். பின்னல் கண் வழியாகத் தூசியாக வெளியே வந்துகொண்டே இருக்கும். பொம்மையைக் கறுப்புத் துணியில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், உங்களுக்கே தெரியும். தீயும் சட்டென்று பற்றும்.

போடியிலிருந்து, மறுபடி: தூசி வருவது விதை எடுக்காத மட்டப் பஞ்சில். நல்ல பஞ்சில் அவ்வளவு வராது. எங்கள் பிள்ளைகள் அந்தத் தலையணையில்தான் வளர்ந்தார்கள்.

தலையணைக்கு நெருக்கமாக நெய்த உறை இருக்கிறது, அதற்கு மேல் இன்னொரு உறையும் இருக்கிறது. யாரும் அதைத் தண்ணீரில் முக்குவதில்லை, வெயிலில் போட்டுத் தட்டி எடுக்கிறோம். பின்னல் பொம்மை ஓட்டை ஓட்டையான பொருள். அதன் மேல் வாந்தி, பால், எச்சில் எல்லாம் படும். கழுவித்தான் ஆக வேண்டும். விதை நீக்கிய பஞ்சில் தூசி குறையும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

சென்னை, மயிலாப்பூரிலிருந்து: என் மாமியார் காலத்து இலவம்பஞ்சு மெத்தை கட்டிகட்டியாக இருக்கிறது. எப்படிப் பிரிப்பது?

மெத்தை தைப்பவரைக் கூப்பிட்டுப் பஞ்சை அடித்துப் போடச் சொல்லுங்கள் அம்மா. அந்தப் பழைய பஞ்சைப் பொம்மைக்கு மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

மதுரையிலிருந்து: நான் தையல்காரி. போடிக்காரர் சொல்வதற்கு ஒரு வழி இருக்கிறது. நெருக்கமான காடாத் துணியில் உள்பை தைத்து, அதில் இலவம் அடைத்து, பொம்மையின் அடியில் திறப்பு விடலாம். கழுவும்போது உள்பையை எடுத்துவிட வேண்டியதுதான்.

நல்ல யோசனை. பெரிய பொம்மைக்கு, ஒரு முழத்துக்கு மேல் என்றால், நிச்சயம் செய்யலாம். காடாத் துணி தூசியையும் பிடித்து வைக்கும். ஆனால் திறப்பைக் குழந்தை திறக்க முடியாதபடி தைக்க வேண்டும், கழுவும் குறிப்பில் "உள்பையை எடுத்துவிட்டு" என்று முதலிலேயே எழுத வேண்டும். 24 செ.மீ. யானையின் தும்பிக்கைக்குள் உள்பை போகாது. அங்கே மறுபடி பாலியஸ்டர்தான்.

போடியிலிருந்து, இன்னொரு முறை: அப்படியென்றால் உடம்புக்கு இலவம், தும்பிக்கைக்குப் பாலியஸ்டர் என்று எழுதி விற்கலாம்தானே?

விற்கலாம், இரண்டையும் எழுதினால். மூச்சுத் தொந்தரவு உள்ள குழந்தையின் வீட்டுக்கு நான் தரமாட்டேன். நீங்கள் தருவீர்கள் என்று தெரிகிறது. அதில் நாம் ஒத்துப்போகவில்லை, இருக்கட்டும்.

கரூரிலிருந்து: அரிசி, கடுகு அடைத்தால் கனமாக நன்றாக உட்காருகிறது. அடைக்கலாமா?

வேண்டாம். வண்டு வரும், கழுவினால் ஊறும், தையல் பிரிந்தால் குழந்தையின் வாய்க்குப் போகும். அடியை அகலமாகப் பின்னுங்கள், உட்காரும்.

கோவையிலிருந்து: மெஷினில் போடலாம் என்று எழுதினால்தான் வாங்குகிறார்கள். எழுதலாமா?

உங்கள் பொம்மை ஒன்றை நீங்களே போட்டுப் பார்த்த பிறகு எழுதுங்கள். பொம்மையில் எது சீக்கிரம் கெடுமோ அதை வைத்துத்தான் கழுவும் முறையைச் சொல்ல முடியும். ஆக்ரிலிக் உடல் மெஷினைத் தாங்கும், சிவப்புச் சட்டையின் சாயம் தாங்காது. பின்னுவதற்கு முன்பே அந்தச் சிவப்பு நூலில் கொஞ்சம் எடுத்து, சோப்புத் தண்ணீரில் நனைத்து, வெள்ளைத் துணியில் சுருட்டி ஒரு இரவு விடுங்கள். துணியில் நிறம் இறங்கியிருந்தால் அந்த நூல் வெள்ளை முயலுக்குப் பக்கத்தில் வரக் கூடாது. வெல்வெட் நூலும் மெஷினுக்கு ஆகாது, உராய்ந்து மயிர் கொட்டும். வெறும் நடு இழை மட்டும் நிற்கும் இடங்கள் தெரிந்தால் அதுதான் காரணம்.

மெஷின் தாங்கும் பொம்மை என்றால் தலையணை உறைக்குள் போட்டு வாயைக் கட்டி, குளிர்ந்த தண்ணீரில், மென்மையான ஓட்டத்தில் விடச் சொல்லுங்கள். சிரமம் அதற்குப் பிறகுதான். நனைந்த பொம்மையைக் காதில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டால் காது நீண்டுவிடும், திரும்பாது. துண்டில் சுருட்டி, மேலே உள்ளங்கையால் அழுத்தித் தண்ணீரை எடுத்துவிட்டு, படுக்க வைத்து அவ்வப்போது புரட்டிவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மின்விசிறிக்குக் கீழே வைக்கச் சொல்லுங்கள். ஆக்ரிலிக் மேல் இஸ்திரிப் பெட்டி படவே கூடாது. சூடு பட்டால் நூல் துவண்டு, பின்னலின் வடிவம் போய்விடும்.

நாகர்கோவிலிலிருந்து: எப்படிக் கழுவச் சொல்வது அக்கா?

மேலே கோவைக்குச் சொன்னதுதான்.

தஞ்சாவூரிலிருந்து: 6 மி.மீ. சின்னக் கண் என்றால் பரவாயில்லையா?

சின்னதுதான் தொண்டைக்குள் எளிதாகப் போகும். தைத்துவிடுங்கள். பொத்தான், மணி, பாசி, கழுத்தில் நீளக் கயிறு, எல்லாவற்றுக்கும் இதே பதில்.

ஓசூரிலிருந்து: ஐஎஸ்ஐ முத்திரை இல்லாமல் பொம்மை விற்கக் கூடாது என்கிறார்களே? உத்யம் பதிவு இருந்தால் போதுமா?

பொம்மைகளுக்கான தரக் கட்டுப்பாட்டு ஆணை 2021 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. 14 வயதுக்குட்பட்டவர்கள் விளையாடும் பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை வேண்டும். மத்திய அரசின் கைவினை வளர்ச்சி ஆணையர் அலுவலகத்தில் பதிவு செய்த கைவினைஞர், தானே செய்து விற்கும் பொருளுக்கு விலக்கு உண்டு. உத்யம் வேறு, அது இதற்கு ஈடாகாது. கைவினைஞர் அட்டைக்கு அந்த அலுவலகத்தின் சேவை மையத்தில் கேளுங்கள்.

வேலூரிலிருந்து: விலை எவ்வளவு வைக்கலாம்?

இன்றைக்கு அது இல்லை. தனியாக ஒரு நாள் பேசலாம்.

திண்டுக்கல்லிலிருந்து: "ஒரு வாரத்தில் கிடைக்கும்" என்று சொல்லிவிட்டு ஒவ்வொரு முறையும் திட்டு வாங்குகிறேன். நாளை எப்படிக் கணக்குப் போடுவது?

மணியில் தொடங்குங்கள். அந்த 24 செ.மீ. யானையையே எடுத்துக்கொள்வோம். தலைக்கும் உடலுக்கும் ஏழு மணி நேரம், கை, கால், காது, தும்பிக்கைக்கு ஐந்து, சேர்த்துத் தைத்து முகம் வைக்க நான்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 16. வீட்டு வேலை முடித்துவிட்டு ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம்தான் கிடைக்கும் என்றால் எட்டு நாள். நூல் வரவழைக்க மூன்று நாள். தையலை இழுத்துப் பார்க்க, படம் அனுப்பி ஒப்புதல் வாங்க, பொதி கட்ட இரண்டு நாள். ஆக 13. கை வலி, காய்ச்சல், கரண்ட் போன இரவு என்று இரண்டு நாள் சேர்த்து 15 என்று சொல்லுங்கள்.

உங்களிடம் ஏற்கனவே இரண்டு யானை வரிசையில் இருந்தால் மூன்றாமவருக்கும் 15 என்று சொல்லக் கூடாது. முந்தைய இரண்டுக்கும் 16 நாள் போய்விடும். அதற்குள் நூல் வந்திருக்கும் என்பதால் அந்த மூன்று நாளைக் கழித்து, அவருக்கு 28 என்று சொல்லுங்கள். எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது என்பதையும் எழுதுங்கள். ஆர்டர் செய்தி வந்த நாளா, பணம் வந்த நாளா, நிறம் முடிவான நாளா? நான் கடைசியாக வருவதிலிருந்து எண்ணுவேன். நிறத்தை ஒரு வாரம் யோசிப்பவர்கள் இருக்கிறார்கள்.

பிறந்தநாளுக்கு என்று கேட்டால் தேதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தேதிக்கு முந்தைய ஐந்து நாளைக் கூரியருக்கு ஒதுக்கிவிட்டு மீதியில் முடியாது என்றால், அன்றைக்கே முடியாது என்று சொல்லிவிடுங்கள்.