வீட்டாரின் குரலும் திரும்ப வரும் நோயும்: ஈ.ஈ. பற்றிப் பி.ஜி. மாணவர்களின் கேள்விகள்

கேள்வி (முதலாண்டு): சார், ஸ்கிசோஃப்ரினியா நோயாளி முகத்தில் உணர்ச்சியே காட்டுவதில்லை. அப்படியிருக்க "எக்ஸ்பிரஸ்டு எமோஷன்", அதாவது ஈ.ஈ., அதிகமானால் நோய் திரும்பும் என்கிறார்களே, எப்படி?

பெயர் உங்களை ஏமாற்றிவிட்டது. முதல் வருடத்தில் நானும் இதே குழியில் விழுந்தவன்தான். இங்கே அளப்பது நோயாளியின் உணர்ச்சியை அல்ல, கூட இருப்பவரின் உணர்ச்சியை. அதையும் நோயாளி இல்லாத அறையில், அவரைப் பற்றி உறவினர் பேசும் விதத்தை வைத்தே அளக்கிறோம். குறை சொல்வது, வெறுப்பு, அளவுமீறிய ஈடுபாடு ஆகிய மூன்றைப் பார்த்துத்தான் வீடு உயர் ஈ.ஈ. என்று முடிவாகிறது. பரிவும் பாராட்டும்கூடக் குறிக்கப்படும், ஆனால் அந்த முடிவில் அவை சேராது. சண்டை இல்லாத, சத்தமே இல்லாத வீடும் உயர் ஈ.ஈ. வீடாக இருக்கலாம்.

கேள்வி (இரண்டாமாண்டு): குடும்பம் சரியில்லாததால்தான் நோய் வருகிறது, குடும்பம் நல்லதாக இருந்தால் மருந்தே வேண்டாம் என்று 1976 ஆய்வு காட்டியது, சரிதானே?

பாதி சரி, பாதி ஆபத்து. நோயின் தொடக்கத்தைப் பற்றி ஈ.ஈ. எதுவும் சொல்வதில்லை. தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய பழைய கோட்பாட்டோடு இதைக் கலக்காதீர்கள். ஏற்கெனவே நோயுள்ளவர் வீடு திரும்பிய பின் என்ன ஆகிறது என்பது மட்டுமே இதன் கேள்வி. 1950களில் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற ஆய்வாளருக்கு இது கண்ணில் பட்டதும் அப்படித்தான்: பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பியவர்கள், வாடகை அறைக்குப் போனவர்களைவிட அதிகமாக மறுபடி அட்மிட் ஆனார்கள்.

நீங்கள் சொல்வது வான், லெஃப் என்ற இரு ஆய்வாளர்கள் 1976இல் வெளியிட்டது. பிரவுன் குழுவின் முந்தைய ஆய்வையும் சேர்த்து 128 நோயாளிகள், 9 மாதக் கணக்கு. தாழ் ஈ.ஈ. வீடுகளில் மருந்து எடுத்தவர்களில் 12%, எடுக்காதவர்களில் 15% பேருக்கு நோய் திரும்பியது. உயர் ஈ.ஈ. வீட்டில் வாரம் 35 மணி நேரத்துக்கு மேல் முகம் பார்த்து இருந்தவர்களில் மருந்தோடு 53%, மருந்தின்றி 92%. முதல் ஜோடியைப் பார்த்துத்தான் "மருந்து வேண்டாம்" என்று தோன்றும். ஆனால் யார் மருந்து எடுப்பது என்று சீட்டுக் குலுக்கிப் பிரிக்கவில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் ஆட்கள் கொஞ்சம்தான். தாழ் ஈ.ஈ. ஆட்களையே இரண்டு வருடம் தொடர்ந்து பார்த்தபோது மருந்தின் பலன் தெரிந்தது. 9 மாதத்தில் தெரியவில்லை, அவ்வளவுதான்.

கேள்வி (முதலாண்டு): குறை சொல்வதை எப்படி எண்ணுவது? எந்த அம்மா அப்பாதான் குறை சொல்லாமல் இருக்கிறார்கள்?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். அடையாளங்களை மாற்றி ஒரு வீட்டைச் சொல்கிறேன். 26 வயது மகன், இரண்டாம் அட்மிஷன். குரல்கள் அடங்கிவிட்டன, ஆனால் படுக்கையை விட்டு எழுவதில்லை, குளிப்பதில்லை.

அப்பா முதலில் சொன்னார்: "பத்து மணி வரைக்கும் படுத்திருக்கான்." தட்டையான குரல். இது தகவல், எண்ணக்கூடாது. பத்து நிமிடம் கழித்து அதே வாக்கியம், "பத்து மணி வரைக்கும்" என்ற இடத்தில் குரல் ஏறி, வேகம் கூடி வந்தது. இது ஒன்று. "பார்த்தாலே எரிச்சலா வருது டாக்டர்" என்பதில் குரல் எப்படி இருந்தாலும் சொல்லே போதும், இரண்டு. ஒன்றரை மணி நேரத்தில் இப்படி எட்டு வந்தது. ஆறு வந்தாலே உயர் ஈ.ஈ. "இவன் எதுக்கும் லாயக்கில்லாதவன்" என்று அவர் சொல்லியிருந்தால் அது வேறு ரகம். ஒரு செயலை அல்ல, ஆளையே ஒதுக்குவதுதான் வெறுப்பு. அது ஒருமுறை வந்தாலே போதும். அவர் சொல்லவில்லை.

அம்மா ஒரு குறைகூடச் சொல்லவில்லை. வேலையை விட்டுவிட்டார், இரவில் மகன் அறை வாசலில் படுக்கிறார், சோறு ஊட்டுகிறார், பேட்டி முழுக்க அழுதார். ஈடுபாட்டு அளவுகோல் பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை; அவருக்கு நான்கு போட்டேன். மூன்றே உயர்வுதான்.

அப்புறம் மணிக்கணக்கு. ஒரு சாதாரண வாரத்தை நாள் நாளாகக் கேட்க வேண்டும். ஒரே வீட்டில் இருப்பது கணக்கில் வராது, ஒரே அறையில் இருந்தால்தான் வரும். அப்பாவுக்கு 12 மணி நேரம், அம்மாவுக்கு 60. அப்பாவின் சத்தத்தைக் கேட்டு நாங்கள் எல்லோரும் அவரையே குறிவைத்திருந்தோம். தாளில் கூட்டிப் பார்த்த பிறகுதான் அம்மா பக்கம் திரும்பினோம்.

அப்பாவிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது: "ஏன் எழுந்திருக்கவில்லை என்று நினைக்கிறீர்கள்?" பதில்: "வேணும்னே பண்றான்." குறை சொல்கிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் காரணம் சொல்வார்கள்: நினைத்தால் அவனால் முடியும். அளவுமீறி ஈடுபடுகிறவர் நேர் எதிர், அவனால் எதுவுமே முடியாது என்பார். குரல் கேட்பதை நோய் என்று ஏற்கிற அப்பா, எழாமல் கிடப்பதைச் சோம்பல் என்கிறார். எங்கள் முதல் மூன்று அமர்வுகளும் இந்த ஒரு விஷயத்திலேயே போயின. கோபத்தைக் குறைக்கச் சொல்லவே இல்லை.

கேள்வி (மூன்றாமாண்டு): பல ஆய்வுகளைச் சேர்த்த பெபிங்டன்–கைப்பர்ஸ் 1994 தொகுப்பில் உயர் ஈ.ஈ. வீடுகளில் 50%, தாழ் ஈ.ஈ. வீடுகளில் 21% பேருக்கு நோய் திரும்பியது. தொடர்பு உறுதி. ஆனால் மோசமான நோயாளிதான் வீட்டாரைக் குறை சொல்ல வைக்கிறார் என்றும் வாதிடலாமே?

வாதிடலாம். 1972இலேயே பிரவுன் குழு நோயாளியின் நடத்தைக் கோளாறின் அளவைக் கணக்கில் எடுத்துப் பார்த்தது. அப்போதும் தொடர்பு நின்றது. உயர் ஈ.ஈ. உறவினர் அறைக்குள் வந்தபோதும் தோலின் மின்கடத்தலை வைத்து அளந்த நோயாளியின் பதற்றம் தணியவில்லை, தாழ் ஈ.ஈ. உறவினர் வந்தபோது தணிந்தது என்று டேரியர் என்ற ஆய்வாளர் காட்டினார். ஆனால் வீட்டில் இது வட்டமாகத்தான் ஓடுகிறது: அவன் ஒதுங்க, அப்பா சீற, அவன் இன்னும் ஒதுங்குவான். குடும்பச் சிகிச்சை நோய் திரும்புவதைக் குறைக்கிறது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஈ.ஈ. குறைந்ததாலா, மருந்து ஒழுங்காகப் போனதாலா, பிரச்சினை வந்தால் சீக்கிரம் கூப்பிட்டதாலா? பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை.

கேள்வி (முதலாண்டு): என் தம்பிக்கு இந்த நோய் உண்டு. படிக்கும்போதெல்லாம் அம்மாவுக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருக்கிறேன். எங்கள் வீடு உயர் ஈ.ஈ.யா?

எனக்குத் தெரியாது, நீங்களும் போடாதீர்கள்மா. பயிற்சி பெற்றவர் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் குரலை மதிப்பிட முடியும். அம்மா குரலை நீங்கள் மகளாகத்தான் கேட்பீர்கள். இன்னொன்று: இந்த அளவு பெரும்பாலும் அட்மிஷன் சமயத்தில், வீடே கலங்கியிருக்கும்போது எடுக்கப்படுகிறது. சில மாதம் கழித்து அளந்தால் எந்தச் சிகிச்சையும் இல்லாமலே பலர் கீழே இறங்கியிருப்பார்கள். அது அம்மாவின் குணத்துக்குப் போட்ட முத்திரை அல்ல. தம்பியைப் பார்க்கும் டாக்டரிடம் குடும்ப அமர்வு உண்டா என்று கேளுங்கள், அதில் நீங்கள் அக்காவாக உட்காருங்கள்.

கேள்வி (இரண்டாமாண்டு): ஓ.பி.யில் ஒன்றரை மணி நேரம் எங்கே சார் கிடைக்கும்?

கிடைக்காது. ஐந்து நிமிடப் பேச்சு முறை இருக்கிறது: "உங்கள் மகன் எப்படிப்பட்டவர், நீங்கள் இருவரும் எப்படிப் பழகுகிறீர்கள், ஐந்து நிமிடம் சொல்லுங்கள்" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். இடையில் தலையிட்டால் போச்சு. உயர் ஈ.ஈ. என்று வந்தால் பெரும்பாலும் நம்பலாம், தாழ்வு என்று வந்தால் நம்பாதீர்கள். முதல் ஐந்து நிமிடம் எல்லோரும் மரியாதையாகத்தான் பேசுவார்கள். அந்த அப்பாவின் எட்டில் முதலாவது வந்ததே இருபதாவது நிமிடத்தில்.

அதற்கும் நேரமில்லையென்றால் கேஸ் ஷீட்டில் "உயர் ஈ.ஈ. குடும்பம்" என்று எழுதாதீர்கள். அடுத்த டாக்டர் அதை "தொல்லை பிடித்த குடும்பம்" என்றுதான் படிப்பார். "அப்பா: வேணும்னே பண்றான் என்கிறார், வாரம் 12 மணி நேரம்" என்று எழுதுங்கள்.