சும்மா இருப்பவரின் முதல் அத்தியாயம்

அன்புள்ள சார்,

புதுச்சேரியில் 1962இல் நடக்கும் ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். நாயகன் சபாபதிக்கு 48 வயது. பிரெஞ்சில் மனு எழுதிக் கொடுப்பவர். யாரையும் எதிர்த்துப் பேசமாட்டார், எதையும் முடிவு செய்யமாட்டார். பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்வதா விடுவதா என்று கடைசிவரை இழுத்தடிப்பதுதான் கதை. முதல் அத்தியாயத்தில் காலையில் எழுகிறார், கடற்கரைக்குப் போகிறார், வந்து காப்பி குடிக்கிறார், பழைய நாட்களை நினைத்துக்கொள்கிறார். படித்த நண்பர்கள் எல்லோரும் "ஒண்ணுமே நடக்கலையே" என்கிறார்கள். ஒரு பட்டறையில், முதல் பத்துப் பக்கத்துக்குள் நாயகன் ஏதாவது செய்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் ஸ்டேக்ஸ், அதாவது கதையில் பணயம், இருக்காது என்றார்கள். அப்படிச் செய்தால் அவர் சபாபதியாக இருக்கமாட்டார். என்ன செய்யலாம்?

தமிழ்ச்செல்வி
மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள தமிழ்ச்செல்வி,

சபாபதியை மாற்றாதீர்கள். நீங்கள் எடுத்துக்கொண்ட விஷயத்திலேயே விடை இருக்கிறது, முதல் அத்தியாயம் அதைத் தொடவில்லை, அவ்வளவுதான்.

புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைக்க இந்தியாவும் பிரான்சும் 1956 மே 28 அன்று கையெழுத்திட்ட உடன்படிக்கை 1962 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்தது. இங்கேயே பிறந்து இங்கேயே குடியிருந்த பிரெஞ்சுப் பிரஜைகள் அன்றிலிருந்து இந்தியக் குடிமக்கள். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். எழுதிக் கொடுக்காதவர் விஷயத்தில் யாரும் வந்து கேட்கப் போவதில்லை, சட்டமே முடிவெடுத்துவிடும். கல்யாணமாகாத, 18 வயது நிரம்பாத பிள்ளைகளுக்கு அப்பாவின் தேர்வுதான் செல்லும். அப்பா இறந்திருந்தால்தான் அம்மா எழுதலாம்.

இந்தக் கடைசி விவரம் உங்கள் கடிதத்தில் இல்லை. நாவலிலும் இல்லையென்றால் நீங்கள் பெரிய புதையலைத் தாண்டிப் போகிறீர்கள். சபாபதிக்கு 16 வயதில் ஒரு மகன் இருந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். அவர் சும்மா இருப்பது அவரோடு முடியாது. அவர் கை அசையாத ஒவ்வொரு நாளும் பையன் இழக்கும் நாள். அவருக்குப் பதிலாக மனைவி கையெழுத்துப் போட முடியாது, பையனும் போட முடியாது. இந்த ஒரு வேலையைச் செய்யக்கூடிய ஒரே ஆள், வேலையே செய்யாத ஆள். நாயகன் ஓடியாடித்தான் கதையில் ஏதாவது பணயமாக வேண்டும் என்றில்லை. அவர் செய்யாமல் விடுவதால் யாருக்கு, என்ன, எந்தத் தேதிக்குள் போகும் என்பது வாசகருக்குத் தெரிந்தால் போதும்.

ரஷ்ய எழுத்தாளர் கோஞ்சரோவின் ‘ஒப்லோமோவ்’ 1859இல் வந்த நாவல். நாயகன் படுக்கையை விட்டு எழுந்திருக்கவே முதல் பாகம் முழுக்கப் பாடாய்ப் படுகிறான். ஆனால் தொடக்கத்திலேயே அவன் தலைமேல் இரண்டு தொல்லைகள் தொங்குகின்றன: பண்ணையில் வருமானம் குறையும் என்று ஊரிலிருந்து ஒரு கடிதம், வீட்டைக் காலிசெய்யச் சொல்லும் நெருக்கடி. அறைக்கு ஆள்மாற்றி ஆள் வருகிறார்கள். அவன் படுத்தே கிடப்பது நமக்குச் சலிக்காமல் போவதற்கு அந்த இரண்டும்தான் காரணம்.

சரி, உங்கள் அத்தியாயத்துக்கு வருவோம். கதையை எந்த நாளில் தொடங்குகிறீர்கள் என்பது முதல் கேள்வி. ஆகஸ்ட் 16 பொருத்தமான நாளாகத் தோன்றும். ஆனால் அன்றைக்குக் கையில் ஆறு மாதம் இருக்கிறது, ஆறு மாதம் இருக்கும்போது தள்ளிப்போடாதவர் யார்? 1963 ஜனவரி கடைசியில் தொடங்குங்கள். பொங்கல் முடிந்துவிட்டது, கெடு முடிய மூன்று வாரத்துக்கும் குறைவு. அப்போதும் ஒருவர் சும்மா இருக்கிறார் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கவேண்டும் என்று வாசகரே யோசிக்க ஆரம்பித்துவிடுவார். உடன்படிக்கை வரலாற்றை நீங்கள் இரண்டு பக்கம் விளக்கவும் வேண்டாம். சபாபதி மனு எழுதுபவர், கெடு நெருங்க நெருங்க ஆட்கள் அவரிடம்தான் வருவார்கள். வருகிறவர்களின் பேச்சிலேயே சட்டம் வந்துவிடும்.

அவருடைய தொழிலை நீங்கள் வீணாக்கியிருக்கிறீர்கள் என்பது என் முக்கியமான குறை. செயலற்ற மனிதர் திறமையற்றவராகவும் இருந்தால் வாசகர் பத்துப் பக்கம்கூடத் தாங்கமாட்டார். இவரோ ஊரில் பாதிப் பேருக்கு அந்த விண்ணப்பத்தை எழுதித் தருகிறார், தனக்கு மட்டும் எழுதவில்லை. கடற்கரையையும் காப்பியையும் எடுத்துவிட்டு, வைசியாள் வீதி வீட்டுத் திண்ணையில் ஆள் காத்திருக்கும் காட்சியோடு தொடங்குங்கள். சைகோனில் இருந்து திரும்பியவர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். சபாபதி அவருக்கு எழுதித் தருகிறார். வந்தவர் சும்மா கேட்கிறார், "உங்களுது எழுதிட்டீங்களா?" சபாபதி தலை நிமிராமல் சொல்கிறார்: "உங்க அப்பா பேரு பிறப்புச் சான்றுல எப்படி எழுதியிருக்கு? ஒரு எழுத்து மாறினாலும் திருப்பி அனுப்பிடுவாங்க." வந்தவர் பதறிப்போய்ச் சான்றைத் தேடுகிறார். கேள்வி அமுங்கிவிட்டது. சபாபதி தப்பித்துவிட்டார், அதையும் தன் தொழில்திறமையை வைத்தே செய்தார். சும்மா இருப்பது அவருக்கு நாள்முழுக்கச் செய்யவேண்டிய வேலை. நழுவுவதைக் காட்சியாக எழுதினால் ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

அடுத்தது, அவரிடம் ஏதோ ஒன்று வேண்டும் என்று நிற்கும் ஆட்கள். ஒருவர் போதாது, எதிரெதிராக இருவர் வேண்டும். பிரான்சில் இருக்கும் தம்பி கடிதம் போட்டிருக்கிறார்: காகிதத்தை மட்டும் சரியாக வைத்துக்கொள், பையனை நான் படிக்க வைக்கிறேன். பையனுக்கும் அந்த ஆசைதான். அரியாங்குப்பத்தில் இருக்கும் கிழவி, சபாபதியின் அம்மா, பேரன் கப்பலேறினால் தன் கண் மூடும்போது பக்கத்தில் யாரும் இருக்கமாட்டார்கள் என்று பயப்படுகிறாள். இப்போது சபாபதி ஒன்றும் செய்யாவிட்டால் அது அம்மாவுக்குச் சாதகம். பையனிடம் ‘முடியாது’ என்று ஒரு வார்த்தை சொல்லாமலேயே அவர் அம்மாவின் பக்கம் நிற்கிறார். தான் நடுநிலை என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பார், அப்படி இல்லை என்பது வாசகருக்குத்தான் தெரியும். யாரும் அதை வாய்விட்டுச் சொல்லிவிடக் கூடாது. "நீங்க எப்பவுமே இப்படித்தான், எதுக்குமே வாயைத் திறக்கமாட்டீங்க" என்று மனைவி கத்தும் வசனம் முதல் பிரதியில் கட்டாயம் வந்து உட்காரும். அதை அடித்துவிடுங்கள். காட்சி சரியாக இருந்தால் அது தேவையில்லை, சரியில்லை என்றால் அதனால் காப்பாற்ற முடியாது.

பழைய நினைவுகளை என்ன செய்வது? தூக்கிப்போட வேண்டியதில்லை, இடத்தை மாற்றினால் போதும். இப்போது அவை காப்பி குடிக்கும்போது வருகின்றன, அதாவது யாரும் எதுவும் கேட்காதபோது. அங்கே நினைவு வந்தால் கதை நின்றுவிடுகிறது. அதே நினைவைப் பையன் கதவோரம் நின்று "அப்பா, அந்தக் காகிதம்..." என்று இழுக்கும் இடத்தில் வையுங்கள். சபாபதி கலவை காலேஜில் படித்த காலத்துக்குப் போகிறார், ஒரு பத்தி ஓடுகிறது, திரும்பி வந்தால் பையன் இன்னும் அங்கேயே நிற்கிறான். இப்போது நினைவு என்பது அவர் ஒளிந்துகொள்ளும் இடம். கேள்வி தொங்கிக்கொண்டிருப்பதால் வாசகரும் அந்தப் பத்தியைப் பொறுமையில்லாமல்தான் படிப்பார், அந்தப் பொறுமையின்மைதான் உங்களுக்கு வேண்டும். பத்தி ஒரு பக்கத்தைத் தாண்டினால் பையன் மறந்துபோவான், அதனால் அளவாக வையுங்கள்.

உங்கள் பிரதியை அச்செடுத்து, யாராவது சபாபதியிடம் எதையாவது கேட்டு அவர் பதில் சொல்லாமல் விடும் இடங்களையெல்லாம் பென்சிலால் கோடு போட்டுப் பாருங்கள். முதல் மூன்று பக்கத்தில் ஒரு கோடும் விழவில்லை என்றால் நண்பர்கள் சொன்னது சரி.

அத்தியாயம் முடிவதற்குள் ஒரு சின்ன இழப்பு கண்முன்னால் நடந்தாக வேண்டும். கெடு தேதி மட்டும் இருந்தால் அது எங்கோ தூரத்தில் இருக்கும் ஆபத்து. எனக்குத் தோன்றுவது இது: பையன் அப்பா எழுதுவதைப் பார்த்துப் பார்த்து, அதே வாசகத்தைத் தன் கையாலேயே எழுதுகிறான். அப்பா பெயர், தன் பெயர், பிறந்த தேதி எல்லாம் போட்டு, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு, காலையில் அப்பா எடுக்கும் காகிதக் கட்டின் மேல் வைக்கிறான். சபாபதி பார்க்கிறார், முழுதும் படிக்கிறார். ஓர் இடத்தில் பிரெஞ்சு இலக்கணம் தப்பு, பேனாவை எடுத்துத் திருத்துகிறார். அதற்குள் திண்ணையில் அடுத்த ஆள். காகிதத்தைத் திருப்பிப் போட்டு, வெற்றுப் பக்கத்தில் வந்தவருடைய விவரங்களைக் குறித்துக்கொள்கிறார். உள்ளேயிருந்து பையன் பார்க்கிறான். கிழித்துப் போட்டிருந்தால் அது முடிவெடுத்ததாகிவிடும், சபாபதி கிழிக்கமாட்டார். அந்தத் திருத்தம் முக்கியம். அக்கறை இருக்கிறது, அந்த அக்கறை போகக்கூடாத வழியில் போகிறது.

கடலூர்க்காரர் என்பதால் ஒரு எச்சரிக்கை. ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்று சொன்னவுடன் நம் பக்கத்து எழுத்தாளர்கள் புயலைக் கூப்பிடுவார்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்ததைப் பார்த்தவர்களுக்கு அந்த ஆசை வராமல் இருக்காது. ஆனால் புயல் எல்லோர் கூரையையும்தான் பிய்க்கும், சபாபதியைத் தனியாக ஒன்றும் கேட்காது. திடீர் மரணம், தீ விபத்து எல்லாமே இந்த வகைதான். அவரை மட்டும் கேட்கக்கூடிய ஒன்று உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

இந்த முறைக்கு ஓர் எல்லையும் உண்டு. நழுவுவதை வைத்து முதல் அத்தியாயத்தை ஓட்டலாம், இரண்டாவதையும் ஓட்டலாம். மூன்றாவது முறை அதே ஆள் அதே கேள்வியைக் கேட்டு, அவர் அதே மாதிரி பேச்சை மாற்றினால் வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார். ஒவ்வொரு நழுவலுக்கும் முந்தையதைவிட விலை கூட வேண்டும். மூன்றாவது அத்தியாயத்துக்குள் சபாபதி ஒரு காரியம் செய்தாகவும் வேண்டும். அது முடிவெடுப்பதாக இருக்க வேண்டியதில்லை. தம்பிக்குப் பதில் போடும்போது ‘கொடுத்தாயிற்று’ என்று ஒரு பொய் எழுதலாம். கேள்விகளை நிறுத்த அவருக்குத் தெரிந்த சுலபமான வழி அதுதான், கெடு முடிந்தபின் தம்பி பையனுக்கு டிக்கெட் எடுக்க ஏற்பாடு செய்யும்வரை அது தாங்கும். அதற்குப் பிறகு உங்களுக்கு வேறு பிரச்சினை, சும்மா இருந்தவரை எப்படி ஓட வைப்பது என்று. அதை அங்கே வந்தபிறகு எழுதுங்கள்.