ஹீமோகுளோபின் சரி, ஆனாலும் ஐஸ் ஆசையா?

“திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை. தினமும் ஐஸ் கடிக்காமல் இருக்க முடியவில்லை. ஹீமோகுளோபின் 12.1, நார்மல் என்கிறார்கள்.”

அந்த ரிப்போர்ட்டோடு விட்டுவிடாதீங்க அக்கா. உடம்பின் சேமிப்பில் உள்ள இரும்பு தீர்ந்த பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்கும். இரும்புக் குறைவால் வரும் ஐஸ் ஆசை அதற்கு முன்பே வரலாம். சேமிப்பு இரும்பின் அளவைக் காட்டும் ஃபெர்ரிட்டின் டெஸ்ட் கேளுங்கள். 30-க்குக் கீழே என்றால் பெரும்பாலும் இரும்புக் குறைவுதான். காய்ச்சலோடு எடுக்க வேண்டாம், அளவு ஏறிக் காட்டும்.

டாக்டர் இரும்பு மாத்திரை கொடுத்தால் கம்பெனி டீயோடு சேர்த்துப் போடாதீர்கள். டீ இரும்பை உடம்பில் சேரவிடாது. இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். மலம் கறுப்பாகப் போனால் பயப்படாதீங்க, மாத்திரையின் நிறம்தான். ஐஸ் ஆசை பலருக்குச் சில நாட்களிலேயே அடங்கிவிடும். அதற்காக நிறுத்திவிடக் கூடாது, சேமிப்பு நிரம்ப மாதக்கணக்கில் ஆகும். அப்புறம், மாதவிடாயில் ரத்தம் அதிகம் போகிறதா என்பதையும் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.