முந்தானைக்கு மேல் ஆரம், ஆரத்துக்கு மேல் மாலை: கோபி அக்காவிடம் கேட்டவை

(கோபிச்செட்டிபாளையம் பக்கம் மணப்பெண் அலங்காரம் செய்பவர் பதில் சொல்கிறார்.)

தங்கச்சிக்குப் புதுப் பட்டு கட்டிப் பார்த்தோமுங்க. ஆரம் வலது பக்கம் நல்லா விழுகுது, இடது பக்கம் முந்தானைக்குள்ள போயிருது. ஏனுங்க? – பெருந்துறை

ஆரத்தை முதலில் போட்டுவிட்டு அப்புறம் முந்தானை எடுத்திருப்பீர்கள். முந்தானையை மடித்து, இடது தோளில் ஊக்குப் போட்டு, கண்ணாடியில் சரிபார்த்து முடிக்கும்வரை நகைப்பெட்டியைத் திறக்கவே கூடாது. பிறகு கழுத்தை ஒட்டிய அட்டிகை, கடைசியில் ஆரம். அப்போது ஆரத்தின் வலது சரடு ரவிக்கை மேலும் இடது சரடு முந்தானை மடிப்பு மேலும் படுக்கும். தோள் ஊக்கை உச்சியில் குத்தாமல் ஓர் அங்குலம் பின்னால் தள்ளிக் குத்துங்கள். உச்சியில் குத்தினால் சரடு அதில் மாட்டிக்கொண்டு பதக்கம் ஒரு பக்கமாகச் சாயும்.

ஆரம் நகராம இருக்க நெஞ்சுகிட்ட சேலையோட சேர்த்து ஊக்கு குத்திருவோம். அதுதானே சரி? – சத்தியமங்கலம்

பிடிமானம் வேண்டும் என்பது சரி, இடம்தான் தப்பு. சிறுமுகை மென்பட்டு மாதிரி மெல்லிய சேலையில் ஆரத்தின் கனம் ஊக்கு ஓட்டையை இழுத்துக் கிழிக்கும். பெண் உட்காரும்போது முந்தானை கீழே இறங்கும், ஆரமும் கூடவே கோணும். ரவிக்கையின் பின்கழுத்து நடுவில், ஆரக் கயிற்றைச் சுற்றி ஊசிநூலால் இரண்டு தையல் போட்டால் போதும். முன்பக்கம் தானாக ஆடி நடுவுக்கு வந்துவிடும். பின்கழுத்து ரொம்ப இறங்கின ரவிக்கைக்கு இது ஆகாது. அங்கே கயிற்றை இறுக்கிக் கட்டுவதைத் தவிர வழியில்லை.

நான் 5 அடி. பாட்டி ஆரத்தின் பதக்கம் ஒட்டியாணத்து மேலேயே உட்காருது. நகையை வெட்டிச் சின்னதாக்கலாமா? – தாராபுரம்

பாட்டி நகையை வெட்டாதீங்க அம்மிணி, பின்கயிற்றைச் சுருக்கினால் போதும். கழுத்துக் குழியிலிருந்து ஒட்டியாணத்தின் மேல்விளிம்பு வரை நூல் வைத்து அளங்கள். 13 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். ஆரம் 14 அங்குலம் தொங்கினால் பதக்கம் ஒட்டியாணத்தில்தான் மோதும். இரண்டுக்கும் நடுவே இரண்டு விரல் சேலை தெரிய வேண்டும் என்றால் தொங்கல் 11½ அங்குலம் இருக்க வேண்டும். அதாவது 2½ அங்குலம் ஏற வேண்டும். அதற்குப் பின்கயிற்றில் 5 அங்குலம் குறைக்க வேண்டும், ஏனென்றால் வளையம் இரண்டு பக்கமும் சேர்ந்துதான் ஏறும். பலர் 2½ அங்குலம் மட்டும் குறைத்துவிட்டு ‘இன்னும் இடிக்குது’ என்பார்கள். நின்று பார்த்தால் மட்டும் போதாது, மணையில் உட்காருவது போல உட்கார்ந்தும் பாருங்கள். உட்கார்ந்தால் ஒட்டியாணம் கொஞ்சம் மேலே ஏறும்.

பூஜையறைப் படத்துக்கு மாலை போட்டால் ஒரு பக்கம் இறங்குது, என்ன பண்ண? – கரூர்

இங்கே பேசுவது பொண்ணு போடும் மாலைங்க! படம் என்றால் இரண்டு மூலையிலும் ஆணி அடித்து மாலையை அதில் மாட்டுங்கள், இறங்காது.

ரோஜா மாலை போட்டதும் ஆரம் மொத்தமா மறைஞ்சிருச்சு. போட்டோல நகையே தெரியல. – ஈரோடு

மாலையின் கழுத்துப் பகுதி குட்டையாக இருந்திருக்கும். இரண்டு சரமும் நெஞ்சு நடுவில் ஒட்டிக்கொண்டால் உள்ளே ஆரத்துக்கு இடமிருக்காது. பூக்காரரிடம் சொல்லும்போதே பின்கழுத்தில் ஒரு சாண் நீளத்துக்குப் பூ வைக்காமல் நாடா சுற்றச் சொல்லுங்கள். சரங்கள் நடுத்தோளில் உட்கார்ந்து நேராக இறங்கும், ஆரம் நடுவில் தெரியும். ரொம்ப அகலமானால் தோளை விட்டு வழுக்கும். போட்டதும் ஒருமுறை குனிந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

இன்னொன்று, மாலை வரும்போது தண்ணீர் தெளித்த ஈரம் இருக்கும். போடுவதற்கு முன் நிழலில் தொங்கவிட்டு நன்றாக உதறுங்கள். சம்பங்கி ஈரம் புதுப் பட்டில் திட்டாக நிற்கும், ரோஜா இதழ் நசுங்கினால் கறை போகாது.

மாலை ஜடைக்கு மேலயா, கீழயா? எங்க அம்மாயி மேலதான்னு சொல்றாங்க. – காங்கேயம்

நான் கீழேதான் விடுவேன். ஜடையைத் தூக்கி நாடாவைப் பின்கழுத்தில் வைத்தால் மாலை பின்னால் சரியாது. ஆனால் தாலி கட்டும் நேரத்தில் ஜடையையும் மாலையையும் சேர்த்துத் தூக்கிப் பிடிக்க ஆள் வேண்டும், இல்லையென்றால் முடிச்சு பூவில் சிக்கும். ஜடைக்கு மேல் போட்டால் அந்தச் சிரமம் குறைவு, அம்மாயி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஜடைநாகம் வைத்திருந்தால் மாலை நகையில் மாட்டும். உங்கள் பெண்ணின் ஜடையைப் பார்த்து முடிவெடுங்கள்.

மாப்பிள்ளைக்கு? அங்கவஸ்திரம் மாலைக்கு வெளிய வந்துருது. – பவானி

அங்கவஸ்திரத்தைப் போட்டு, சட்டைத் தோளில் உள்ளிருந்து ஊக்குப் போட்டுவிட்டு, அதற்குமேல் மாலை. மாலை மாற்றும்போது மாலை ஒவ்வொரு முறையும் தலைவழியாகக் கழன்று வரும். ஊக்கு இல்லாவிட்டால் துண்டும் அதோடு வந்துவிடும்.