தொண்டு நிறுவனத் திட்ட ஒருங்கிணைப்பாளர் ரெஸ்யூமேயை எப்படிப் படிப்பது? கேள்வி பதில்

கேள்வி: “18 மாதங்களில் 12 கிராமங்களில் 3,000 பெண்களுக்குப் பயிற்சி அளித்தேன்” என்று ஒரு ரெஸ்யூமே வந்திருக்கிறது. நம்பலாமா?

முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு அமர்வுக்கு 30 பேர் என்றால் மொத்தம் 100 அமர்வுகள், அதாவது மாதத்துக்கு ஐந்தாறு. களப்பணியாளர்கள் இரண்டு பேர் கூட இருந்தால் இது சாதாரணம். தனியாளாக, அறிக்கை வேலையையும் பார்த்துக்கொண்டு என்றால் கஷ்டம்தான், ஆனால் முடியாததில்லை.

நான் சந்தேகப்படுவது “3,000 பெண்கள்” என்ற சொல்லை. ஒரு பயிற்சி நான்கு அமர்வுகளாக நடந்திருந்தால் வருகைப் பதிவேட்டில் 3,000 கையெழுத்து இருக்கும், ஆட்கள் 750 பேர்தான். கிராமத்துக்குச் சுமார் 62 பேர், அதாவது இரண்டு குழுக்கள். இதுதான் நடந்திருக்க வாய்ப்பு அதிகம். எழுதியவர் ஏமாற்ற வேண்டும் என்று நினைத்திருக்க வேண்டியதில்லை, பதிவேட்டுப் பக்கங்களை அப்படியே கூட்டியிருப்பார்.

அதனால் நேர்காணலில், “ஒரே பெண் நான்கு முறை வந்தால் எத்தனை என்று எண்ணினீர்கள்?” என்று கேளுங்கள். களத்தில் இருந்தவருக்கு இதில் கதை இருக்கும். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தது, ஒருவர் பெயரையே மூன்று விதமாக எழுதியிருந்தது, மருமகளுக்குப் பதில் மாமியார் வந்து கையெழுத்துப் போட்டது என்று சொல்லிக்கொண்டே போவார். மேசையிலிருந்து மட்டும் பார்த்தவர் மறுபடியும் 3,000 என்பார்.

கேள்வி: நிதி தரும் பெரிய டோனர்களின் பெயர்கள் இருந்தாலே அறிக்கை எழுதிய அனுபவம் உண்டு என்றுதானே அர்த்தம்?

பாதி சரி. அந்த நிறுவனத்தில் கறாரான அறிக்கைகள் போயிருக்கும். யார் எழுதினார் என்பது வேறு விஷயம். செலவுக் கணக்கைக் கணக்காளரும் விவரிப்புப் பகுதியைத் தலைமை அலுவலகமும் எழுதுவது பல இடங்களில் வழக்கம். “உதவினேன்”, “பங்களித்தேன்” என்று மட்டும் இருந்தால் எந்தப் பகுதி உங்களுடையது என்று கேட்டுவிடுங்கள்.

நான் தேடுவது திட்டம் தடம் மாறியதைப் பற்றிய ஒரு வரியை. “மழையால் இரண்டாம் காலாண்டில் பாதி நடவடிக்கைகள் நின்றன, பட்ஜெட் தலைப்பை மாற்ற டோனரிடம் எழுத்தில் அனுமதி வாங்கினேன்” என்று இருந்தால் அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர். குறிப்பிட்ட அளவுக்கு மேல் பணத்தைத் தலைப்பு மாற்ற முன் அனுமதி வேண்டும் என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும். அதை எழுதியவருக்கு அந்த அளவும் நினைவிருக்கும்.

சோதித்துப் பார்க்க ஒரு சின்ன அட்டவணை கொடுங்கள்: நடவடிக்கை 90% முடிந்தது, செலவு 45%. என்ன எழுதுவீர்கள்? “சிக்கனமாக நடத்தினோம்” என்று உடனே எழுதுபவரைவிட, பில்கள் வந்துவிட்டனவா, வேறு நிதியிலிருந்து போனதா, அந்த 90% யார் சொன்னது என்று திருப்பிக் கேட்பவர் மேல்.

கேள்வி: நான் களப்பணியாளர். அறிக்கைக்கான தகவல் முழுக்க என்னுடையது, பெயர் மட்டும் மேலாளருடையது. நான் எழுதியதாகப் போடலாமா?

“எழுதினேன்” வேண்டாம், உங்களைப் பற்றி விசாரிக்க மேலாளரை அழைத்தால் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள். “மாதாந்திரத் தரவைச் சேகரித்து, பதிவேட்டோடு சரிபார்த்து, காலாண்டு அறிக்கைக்கு அனுப்பினேன்” என்று போடுங்கள். விவரம் தெரிந்தவர் அதை மதிப்பார். இன்னொன்று, சான்றாகப் பயனாளிகளின் படத்தையோ பெயரையோ இணைக்காதீர்கள். எனக்கு அப்படி வந்தால் அந்த விண்ணப்பத்தின் மேல் நம்பிக்கை குறையும்.

கேள்வி: எங்கள் நிறுவனத்தின் சமூக ஊடகப் பக்கத்தை வளர்த்தது நான்தான். மக்கள் தொடர்பு என்ற தலைப்பில் அதுதானே வரும்?

இல்லை, அது தகவல் தொடர்பு வேலை, தனியாகப் போடுங்கள். மக்கள் தொடர்பு என்று இங்கே தேடுவது, கூட்டங்களுக்கு வராமல் இருந்தவர்களை எப்படி வரவைத்தீர்கள் என்பதை. “காலை 11 மணிக் கூட்டத்தை மாலை 6 மணிக்கு மாற்றிய பிறகு கூலி வேலைக்குப் போகும் பெண்கள் வரத் தொடங்கினர்” என்ற ஒரு வரி போதும்.

கேள்வி (முதலில் கேட்டவர்): சரி, ஆனால் நேர்காணல் வரைக்கும் வருவதே நன்றாக எழுதத் தெரிந்தவர்கள்தானே? களத்தில் கெட்டிக்காரர்கள் முதல் வடிகட்டலிலேயே போய்விடுகிறார்கள்.

உண்மைதான், இதற்கு என்னிடமும் முழு விடை இல்லை. கண்காணிப்புக்கும் அறிக்கைக்கும் தனி ஆள் இருக்கும் திட்டத்தில் மொழிநடையைக் கண்டுகொள்ளாமல், கிராமம், மாதம், ஆட்கள் எண்ணிக்கை இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வடிகட்டுவேன். ஒருங்கிணைப்பாளரே எல்லாம் எழுத வேண்டிய சின்ன நிறுவனத்தில் அந்தத் துணிச்சல் எனக்கு வருவதில்லை. அங்கே களம் தெரிந்தவரை எடுத்து எழுதப் பழக்கலாம் என்பார்கள் சிலர். முதல் காலாண்டு அறிக்கைக்கு எவ்வளவு நாள் இருக்கிறது என்பதைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.